லண்டன் மருமகனுக்கு நாள்காட்டித் தாளைப் புரியவைப்பது எப்படி

2025 ஏப்ரல் 15, காலை ஆறரை மணி. மாம்பலத்திலிருந்து அண்ணி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டியில் முந்தின நாள் தாள், சித்திரை 1. கீழே ஒரு வரி: "குழந்தை சுவாதிதானே? மாப்பிள்ளைக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பிடு."

அண்ணன் மகளுக்கு லண்டனில் 14ஆம் தேதி இரவு 8.10 மணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. மருமகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. நம் வீட்டு அம்மாக்கள் அனுப்பும் தாளைப் பார்த்துக் குழம்பும் மருமகன்களும் மருமகள்களும் இன்று நிறைய. அவர்களுக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற ஆள் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். எங்கள் வீட்டில் நான். நீங்களும் அந்த இடத்தில் புதிதாக உட்கார்ந்திருந்தால் இது உங்களுக்கு.

வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலம் போடுவது இதில் சின்ன வேலை. அகராதி பார்த்து யாரும் செய்துவிடலாம். தப்பு நடப்பதெல்லாம் மணியில்தான். ஒரே தாளில் இரண்டு வகை நேரம் அச்சாகியிருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது நடந்துகொள்வது வேறு மாதிரி. அதைப் பிரிக்கத் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. அந்தத் தாளையே வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

போட்டோவைச் சரிபார்ப்பது

முதலில், தாள் முழுசாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே தமிழ் மாதத் தேதியும் கிழமையும் தெரிய வேண்டும். கீழ் ஓரம் சுருண்டு மடங்கியிருந்தால் சந்திராஷ்டமம், சூலம் எல்லாம் அதற்குள் போயிருக்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வழவழத் தாளில் நடுவே வெள்ளை வட்டம் விழும். அது சரியாக நட்சத்திர வரி மேலேதான் விழும், என் அனுபவத்தில். பகல் வெளிச்சத்தில், தாளைக் கையால் தட்டையாகப் பிடித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, முந்தின நாள் தாளும் வேண்டும். தினசரி தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தால், அடுத்த நாள் தாளாவது வேண்டும். எதற்கென்றால், பொடி எழுத்தில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும். ஒரே தாளை வைத்து அதைச் சரிபார்க்க முடியாது. இரண்டு தாள் இருந்தால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது முடிய சுமார் 21 முதல் 27 மணி நேரம் ஆகும். திதிக்குச் சுமார் 19 முதல் 27 மணி. சில நிமிடம் முன்பின் போனால் பரவாயில்லை, இந்த எல்லைக்கு ரொம்ப வெளியே வந்தால் எங்கோ எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டீர்கள்.

அண்ணியிடம் 13ஆம் தேதித் தாளையும் கேட்டு வாங்கினேன். நல்லவேளை, மளிகைக் கணக்கு எழுதப் பின்பக்கத்தைப் பயன்படுத்தியிருந்ததால் தப்பித்திருந்தது. அதில் சித்திரை நட்சத்திரம் இரவு 9.11 வரை. மறுநாள் தாளில் சுவாதி இரவு 12.13 வரை. இடைவெளி 27 மணி, 2 நிமிடம். கொஞ்சம் அதிகமாகப் பட்டாலும் சரியான கணக்குத்தான். அந்த வாரம் நிலா பூமியிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. தூரத்தில் இருக்கும்போது மெதுவாக நகரும், நட்சத்திரத்தைக் கடக்க அதிக நேரம் எடுக்கும்.

மூன்றாவதாக ஒரு கேள்வி: இது திருக்கணிதமா, வாக்கியமா? நாள்காட்டியின் முதல் அட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ போட்டிருப்பார்கள். வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களின்படி போடும் கணக்கு, பாம்புப் பஞ்சாங்கம் அந்த வகை. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளோடு பொருந்தும்படி போடுவது. இரண்டுக்கும் திதி, நட்சத்திர முடிவில் சில மணி நேரம்கூட வித்தியாசம் வரும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், மருமகன் இணையத்தில் தேடி வேறு நேரத்தைக் கண்டுபிடித்து, நீங்கள் தப்பாக எழுதிவிட்டதாக நினைப்பார். அண்ணி வீட்டுத் தாள் திருக்கணிதம்.

ஆங்கிலத்துக்கு முன்னால் தமிழில் எழுதுங்கள்

போட்டோவைப் பார்த்து நேராக ஆங்கிலம் எழுத உட்காராதீர்கள். தாளில் உள்ளதைத் தாளில் உள்ளபடியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டியதை மட்டும் நான் எழுதிக்கொண்டது இது:

> விசுவாவசு, சித்திரை 1, திங்கள்
> பிரதமை கா 8.25 வரை, பின் துவிதியை
> சுவாதி இ 12.13 வரை, பின் விசாகம்
> ரா.கா. 7.30–9.00, எம. 10.30–12.00, குளிகை 1.30–3.00
> நல்ல நேரம் கா 6.30–7.30, மா 4.30–5.30
> சந்திராஷ்டமம் உத்திரட்டாதி
> சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்
> சமநோக்கு நாள்

கா காலை, மா மாலை, இ இரவு, ரா.கா. ராகு காலம், எம. எமகண்டம். சில தாள்களில் சி.யோ., அ.யோ., ம.யோ. என்று இருக்கும். சித்த யோகம், அமிர்த யோகம், மரண யோகம். கிழமையும் நட்சத்திரமும் சேர்வதால் வருபவை. கடைசியதை ஆங்கிலத்தில் அப்படியே போட்டு அனுப்பினால் பிரசவ வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'புதுக் காரியம் தொடங்க உகந்ததல்ல' என்ற பொருளில் எழுதினால் போதும்.

இப்படி எழுதும்போதே ஒரு குழி தெரியும். சித்திரை 1 என்பதில் சித்திரை மாதம். அதே பெயரில் நட்சத்திரமும் உண்டு, முந்தின நாள் தாளில் இருந்தது அதுதான். ஆங்கிலத்தில் மாதம், நட்சத்திரம் என்று தலைப்பு வைத்து எழுதாவிட்டால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

இன்னொரு குழி பூரம், பூராடம், பூரட்டாதி. அதேபோல் உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி. இடம் போதாமல் தாளில் 'உத்திரட்.' என்று வெட்டியிருப்பார்கள், போட்டோவில் இன்னும் நாலு எழுத்து போயிருக்கும். முந்தின நாள் என்ன, அடுத்த நாள் என்ன என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அவை வரிசையில் தள்ளித் தள்ளி இருப்பவை. மகத்துக்கு அடுத்து வருவது பூரம், மூலத்துக்கு அடுத்து வருவது பூராடம், சதயத்துக்கு அடுத்து வருவது பூரட்டாதி.

இரண்டு குவியலாகப் பிரிப்பது

எழுதி முடித்த வரிகளைக் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள்.

திதி, நட்சத்திரம் முடியும் நேரம் ஒரு குவியல். இவை நிலா வானத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியவை. பிரதமை முடிந்து துவிதியை பிறக்கும் நொடி உலகம் முழுக்க ஒரே நொடி. சென்னைக் கடிகாரம் அப்போது 8.25 காட்டும், லண்டன் கடிகாரம் வேறு காட்டும், அவ்வளவுதான். ஆகவே இந்தக் குவியலுக்கு நேர மண்டல வித்தியாசத்தைக் கழித்தால் போதும்.

ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், கௌரி நல்ல நேரம் இன்னொரு குவியல். இவை அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுபவை. சென்னையில் ராகு காலம் நடக்கும்போது லண்டனில் இன்னும் விடிந்தே இருக்காது. இவற்றில் நேர மண்டலத்தைக் கழித்து எழுதுவது அபத்தம். திங்கட்கிழமை 7.30 மணி ராகு காலத்தைக் கழித்தால், லண்டனில் விடியற்காலை 3 மணிக்கு ராகு காலம் என்று வரும்! புதிதாக ஆரம்பிக்கும் பாதிப்பேர் செய்வது இதைத்தான். மீதிப்பேர் தலைகீழாகச் செய்வார்கள்: எதையுமே மாற்றாமல், நட்சத்திர நேரத்தையும் தாளில் உள்ளபடியே லண்டன் நேரம்போல அனுப்பிவிடுவார்கள்.

சூலம், சந்திராஷ்டமம், நோக்கு நாள் போன்றவற்றுக்கு மணியே போட்டிருக்காது. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

திதி

சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. மொத்தம் 30. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை 15, திரும்ப அமாவாசை வரை 15. ஆங்கிலத்தில் 'லூனார் டே' என்று எழுதலாம், ஆனால் அது காலையில் தொடங்கி இரவில் முடியும் நாள் அல்ல என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்தத் தாளில் காலை எட்டரைக்குள்ளேயே ஒரு திதி முடிந்து அடுத்தது வந்துவிடுகிறதே, அதுவே உதாரணம்.

பெயரை மட்டும் ஒலிபெயர்த்தால் போதாது. பிரதமை மாதத்துக்கு இரண்டு முறை வரும், அமாவாசைக்கு மறுநாள் ஒன்று, பௌர்ணமிக்கு மறுநாள் ஒன்று. எந்தப் பாதி என்று எழுதாவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. சில தாள்களில் வளர்பிறை, தேய்பிறை என்று இருக்கும், சிலவற்றில் சுக்ல பட்சம், கிருஷ்ண பட்சம் என்று இருக்கும், சிலவற்றில் எதுவுமே இருக்காது. இல்லையென்றால் முந்தைய தாள்களைப் பாருங்கள். 12ஆம் தேதி பௌர்ணமி, அது 13ஆம் தேதி விடியும் நேரத்தில் முடிந்தது. ஆகவே இது தேய்பிறைப் பிரதமை.

மணி 8.25-ஐ இப்போது மாற்றலாம். ஏப்ரலில் லண்டன் கோடை நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்திலிருந்து நாலரை மணி கழிக்க வேண்டும், 3.55 வருகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி. இதை மறந்து ஒரு மணி நேரம் தப்பாக எழுதுவது சகஜம்.

அன்று லண்டனில் சூரியன் உதித்தது சுமார் 6.09-க்கு. அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முன்னாலேயே பிரதமை முடிந்துவிட்டது. சென்னையில் பிரதமையோடு விடிந்த அதே 14ஆம் தேதி, லண்டனில் துவிதியையோடுதான் விடிந்தது. உதய காலத் திதியை வைத்து விரதம் பார்ப்பவர்கள் வெளிநாட்டில் நம்மைவிட ஒரு நாள் முன்னால் பார்ப்பது இப்படித்தான் வருகிறது. 'அங்கே மட்டும் ஏன் நேற்றே ஏகாதசி' என்று பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். தப்பு யார் பக்கமும் இல்லை.

தாளின் வேறொரு மூலையில் 'சிராத்த திதி' என்று இன்னொரு பெயரும் இருக்கலாம். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். முன்னோர் திதிக்குப் பிற்பகலில் எந்தத் திதி இருக்கிறது என்று பார்ப்பார்கள். 14ஆம் தேதி பிற்பகலில் இருந்தது துவிதியை.

நட்சத்திரமும் நள்ளிரவும்

நிலா சுற்றிவரும் பாதையை 27 சமத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இன்று என்ன நட்சத்திரம் என்று கேட்டால், நிலா இன்று எந்தத் துண்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் வெறுமனே 'ஸ்டார்' என்று எழுதினால், மேலே பார்த்தால் ஒரு குறிப்பிட்ட நட்சத்திரம் தெரியும்போல என்று படிப்பவர் நினைப்பார். 'ஸ்டார், அதாவது நிலா இருக்கும் இடம்' என்று ஒரே ஒரு முறை விளக்கிவிட்டால் அப்புறம் 'ஸ்டார்' என்றே எழுதலாம்.

மருமகன் இணையத்தில் தேடுவார் என்றால் வடமொழிப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். சுவாதிக்குச் சிக்கல் இல்லை. ஆனால் கேட்டை என்று தேடினால் அவருக்குச் சரியாகக் கிடைக்காது, `Jyeshtha` என்று தேட வேண்டும். சதயம் `Shatabhisha`, திருவோணம் `Shravana`, பூசம் `Pushya`. விசாகத்தை `Visakam` என்றும் எழுதுகிறார்கள், `Vishakha` என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுங்கள்.

இந்தத் தாளில் விஷயம் இருப்பது 'சுவாதி இ 12.13 வரை' என்ற வரியில். நம் கணக்கில் ஒரு நாள் என்பது ஒரு உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. ஆகவே 14ஆம் தேதித் தாளில் உள்ள இரவு 12.13, ஆங்கிலக் கணக்கில் 15ஆம் தேதி. இதை 14ஆம் தேதி, மணி பன்னிரண்டே காலுக்குக் கொஞ்சம் முன்னால், ஏ.எம். என்று எழுதினால் ஒரு முழு நாள் பின்னால் போய்விடும். ஏ.எம்., பி.எம். இரண்டையும் விட்டுவிட்டு 24 மணிக் கடிகாரத்தில், தேதியோடு எழுதுங்கள்: 15 ஏப்ரல், 00:13. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வரும் எந்த மணிக்கும் இதே விதிதான். 'பின்னிரவு 3.40' என்று தாளில் இருந்தாலும் மறுநாள் தேதி போட வேண்டும்.

அதில் நாலரை மணி கழித்தால் லண்டனில் 14ஆம் தேதி 19:43.

குழந்தை பிறந்தது 20:10. சுவாதி முடிந்து 27 நிமிடம் ஆகியிருந்தது. குழந்தை விசாகம்.

மருமகன் செய்திருந்தது என்னவென்றால், யாரோ '12.13 வரை சுவாதி' என்று போனில் சொன்னதைக் கேட்டு, எட்டு மணிக்குப் பிறந்தது பன்னிரண்டுக்கு முன்னால்தானே என்று வைத்துக்கொண்டார். அண்ணியும் தாளில் பெரிய எழுத்தில் சுவாதி என்று இருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் எண்ணைச் சரியாகத்தான் படித்தார்கள். எந்த ஊர்க் கடிகாரம் என்று இருவருமே கேட்கவில்லை.

பிறந்த நேரம் இப்படி எல்லைக்கு அரை மணிக்குள் இருந்தால், தாளோடு நிறுத்தாதீர்கள். குடும்பம் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறதோ அந்தப் பஞ்சாங்கத்தையே எடுத்துப் பாருங்கள். வாக்கியம் பார்க்கும் வீடாக இருந்தால் இந்த 27 நிமிடத்துக்கு மதிப்பே கிடையாது, எல்லை வேறெங்கோ இருக்கும். பிறந்த நேரத்தையும் மருத்துவமனைக் குறிப்பில் உள்ளபடி கேட்டு வாங்குங்கள். 'எட்டு, எட்டேகால் இருக்கும்' என்பது போதாது.

மணி இல்லாமல் நாழிகை இருந்தால்

தினசரி தாளுக்குப் பதில் பஞ்சாங்கப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால், அதில் 'பிரதமை 6-10' என்பதுபோல இருக்கும். இதை ஆறு மணி பத்து நிமிடம் என்று படித்தால் போச்சு. இது உதயத்திலிருந்து 6 நாழிகை 10 வினாடி. இங்கே வினாடி என்பது செகண்ட் அல்ல. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாழிகைக்கு 60 வினாடி. ஆகவே ஒரு வினாடி 24 செகண்ட்.

6 நாழிகைக்கு 144 நிமிடம். 10 வினாடிக்கு 4 நிமிடம். மொத்தம் 148 நிமிடம், அதாவது 2 மணி 28 நிமிடம். அன்று சென்னையில் உதயம் சுமார் 5.57. கூட்டினால் 8.25, நம் தாளில் உள்ள அதே நேரம். மணியா நாழிகையா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தை மேலிருந்து கீழே பாருங்கள். எங்காவது முதல் எண் 24-ஐத் தாண்டியிருந்தால் அது நாழிகைதான். நாழிகை 60 வரை போகும், மணி போகாது.

ராகு காலமும் அதன் உறவுகளும்

ராகு காலத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் தேடாதீர்கள். `Rahu Kalam` என்றே எழுதி, 'புதிதாக எதையும் தொடங்காமல் தவிர்க்கும் ஒன்றரை மணி நேரம்' என்று ஒரு வரி போதும். எமகண்டமும் அப்படியே. குளிகையை மட்டும் அவற்றோடு சேர்த்துக் கெட்ட நேரம் என்று எழுதிவிடாதீர்கள். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் கடன் வாங்க மாட்டார்கள், சவம் எடுக்க மாட்டார்கள், ஆனால் நகை வாங்கலாம், சேமிப்புத் தொடங்கலாம் என்பார்கள்.

'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. அந்த வரிசையில் ஏழரையிலிருந்து ஒன்றரை மணி நேரமாக ராகு காலம் நகரும். இந்த வாய்ப்பாடு காலை ஆறுக்கு விடிந்து மாலை ஆறுக்கு இருட்டும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. நம் ஊரில் அது வருடம் முழுக்க ஏறக்குறைய பொருந்துவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

அடியில் உள்ள கணக்கு வேறு. உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களன்று இரண்டாவது பங்கு ராகு காலம், நான்காவது எமகண்டம், ஆறாவது குளிகை. அன்று லண்டனில் சூரியன் 6.09-க்கு உதித்து 19.53 வாக்கில் மறைந்தது. பகல் 824 நிமிடம், எட்டில் ஒரு பங்கு 103 நிமிடம். 6.09-உடன் ஒரு பங்கைக் கூட்டினால் 7.52, இன்னொரு பங்கு கூட்டினால் 9.35. அன்று லண்டன் ராகு காலம் சுமார் 7.52 முதல் 9.35 வரை. ஜூன் கடைசியில் இதே ஒரு பங்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும், டிசம்பரில் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கும். அங்கேயும் கடிகாரத்தில் 7.30–9.00 என்றே பார்க்கும் குடும்பங்கள் உண்டு. அது அவர்கள் வழக்கம், திருத்தப் போகாதீர்கள். எது எந்தக் கணக்கு என்று மட்டும் குறித்து அனுப்புங்கள்.

நல்ல நேரம், கௌரி நல்ல நேரம் இரண்டும் தாளுக்குத் தாள் கால் மணி, அரை மணி மாறும். பதிப்பாளர்கள் வேறு வேறு பட்டியலை எடுத்துப் போடுகிறார்கள். லண்டனுக்கு அவற்றைக் கணக்கிட்டு அனுப்புவதில் எனக்கு ஆர்வமில்லை. தாளில் இருப்பது சென்னைக்கு என்று எழுதி விட்டுவிடுவேன்.

மிச்சம் உள்ள சொற்கள்

சந்திராஷ்டமம் உத்திரட்டாதி என்றால், உத்திரட்டாதியில் பிறந்தவர்களுக்கு அன்று நிலா அவர்கள் ராசியிலிருந்து எட்டாவது ராசியில் இருக்கிறது, வாக்குவாதத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள் என்று பொருள். அன்று நிலா துலாத்தில். மீனத்திலிருந்து எண்ணினால் எட்டு வரும். இந்த வரியில் உள்ள நட்சத்திரத்தை அன்றைய நட்சத்திரம் என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. போட்டோவில் அந்தச் சொல் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் சுலபமாக நடக்கும்.

சூலம் கிழக்கு என்றால் அன்று கிழக்கு நோக்கிப் பயணம் கிளம்பாமல் இருப்பது, தவிர்க்க முடியாவிட்டால் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. ஆங்கிலத்தில் 'தயிர்' பக்கத்தில் அந்த விளக்கம் இல்லாவிட்டால், பரிகாரம் என்பது ஏதோ சமையல் குறிப்புபோல ஆகிவிடும். மேல்நோக்கு நாள் கட்டடம், மரம் போன்று எழும்பும் வேலைக்கு, கீழ்நோக்கு நாள் கிணறு, கிழங்கு போன்று கீழே போகும் வேலைக்கு, சமநோக்கு நாள் உழவு, சாலை, வாகனம் போன்றவற்றுக்கு. கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

அனுப்பிய செய்தி

எல்லாம் பார்த்து முடித்து மருமகனுக்கு அனுப்பியது இவ்வளவுதான்:

```
14 April 2025, Monday. Chennai sheet, Thirukkanitham.
Lunar day: 1st of the waning half until 08:25 India
  = 03:55 London. After that, the 2nd.
Star, i.e. where the Moon is: Swati until 00:13 India
  on 15 April = 19:43 London on 14 April.
  After that, Vishakha, also spelt Visakam.
Baby, 20:10 London: Visakam.
Rahu Kalam 07:30-09:00 is for Chennai.
  London by local sun: about 07:52-09:35.
```

இதில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஊர்ப்பெயர் இருப்பதைக் கவனியுங்கள். ஊர் இல்லாத நேரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தாளின் போட்டோவையும் கூடவே அனுப்பினேன். யாராவது பெரியவர் அங்கே வந்து பார்த்தால் என் கணக்கைச் சரிபார்க்க அது வேண்டும்.

பத்து நிமிடத்தில் அண்ணியிடமிருந்து போன். சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா என்று பார்த்து, 'ரோ'வில் பதினோரு பெயர் எழுதி வைத்திருந்தாராம். விசாகம் முதல் பாதத்துக்கு 'தி' என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, பேனாவை எடுத்துட்டு வரேன், லைன்லயே இரு" என்றார்.